மகன் கணக்கில் இனிப்புக்கு நட்டம்: அந்தப் பிரிவை மூடலாமா?

"காரைக்குடிக்குப் பக்கத்தில் இருபது ஆண்டுகளாகப் பலகாரத் தொழில் செய்கிறேன். முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை ஒரு பிரிவு. அதிரசம், மாவுருண்டை, மனகோலம் ஒரு பிரிவு. சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி ஒரு பிரிவு. படித்து வந்த என் மகன் பிரிவு வாரியாகக் கணக்குப் போட்டு, இனிப்பில் மாதம் 30,000 ரூபாய் நட்டம் என்கிறான். அதை நிறுத்தினால் இப்போது வரும் 39,000 ரூபாய் லாபம் 69,000 ஆகிவிடும் என்பது அவன் வாதம். பாகு மாஸ்டரை அனுப்பிவிட்டு, இனிப்புக் கொட்டகைக்காரருக்கு இந்த மாதமே நோட்டீஸ் கொடுக்கலாம் என்கிறான். அங்கே வேலை செய்யும் இரண்டு பெண்களை நான் அனுப்ப மாட்டேன். முறுக்குப் பக்கம் போட்டுக்கொள்வேன். கல்யாணச் சீர் கேட்டு வருபவர்கள் காரமும் இனிப்பும் சேர்த்தே கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கணக்குத் தாள்களை இணைத்திருக்கிறேன். மூடலாமா?"

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

இப்போது மூட வேண்டாம், கொட்டகைக்கு நோட்டீசும் கொடுக்க வேண்டாம். மூடினால் உங்கள் லாபம் 69,000 ஆக உயராது. இருக்கிற 39,000 ரூபாயும் கரைந்து, கையிலிருந்து பணம் போட வேண்டிய நிலை வரும் என்பதே நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்து நான் கண்ட முடிவு. உங்கள் மகன் கூட்டல் கழித்தலில் எந்தப் பிழையும் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிரிவும் மொத்தச் செலவில் எவ்வளவைத் தாங்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் போட்ட கணக்கு பொருத்தமானது. விலை வைக்கும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம். ஒரு பிரிவை நிறுத்தினால் எந்தச் செலவு உண்மையில் நிற்கும் என்பது வேறு கேள்வி. அதற்கு அதே எண்களை வேறு விதமாகப் பிரிக்க வேண்டும்.

தாளில் இனிப்பின் மாத விற்பனை 3,00,000 ரூபாய். அரிசி, வெல்லம், எண்ணெய், நெய், ஏலக்காய், எரிவாயு, டின், அட்டைப்பெட்டி, கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கு என்று, செய்தால் உண்டாகி, செய்யாவிட்டால் உண்டாகாத செலவுகள் 2,04,000 ரூபாய். மீதி 96,000. இதைக் கணக்காளர்கள் பங்களிப்பு என்பார்கள். கடை மொழியில் கைமிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கைமிச்சத்திலிருந்து 1,26,000 ரூபாய் நிலைச் செலவைக் கழித்ததால்தான் 30,000 ரூபாய் நட்டம் வந்திருக்கிறது. ஆகவே நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டியது அந்த 1,26,000 ரூபாயை மட்டுமே. அதன் ஒவ்வொரு வரிக்கும் நேராக, "இனிப்பு அடுப்பை அணைத்த மறுமாதம் இந்தப் பணம் என் பெட்டியிலிருந்து வெளியே போகுமா, போகாதா?" என்று கேட்டுப் பாருங்கள். போகாது என்றால் அது தவிர்க்கக்கூடிய செலவு. போகும் என்றால், அது எந்தப் பிரிவின் தலைப்பில் எழுதப்பட்டிருந்தாலும், மூடும் முடிவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முதலில் பொதுச் செலவு. தொழில் முழுவதற்குமான பெரிய கட்டட வாடகை 60,000, மேற்பார்வையாளர், கணக்குப்பிள்ளை சம்பளம் 72,000, வேன், ஓட்டுநர் 48,000, மின் இணைப்பின் நிலைக் கட்டணம் 12,000, உரிமம், தொலைபேசி, தணிக்கை 20,000 என மாதம் 2,12,000 ரூபாய். விற்பனையில் கால் பங்கு இனிப்பு என்பதால் இதில் கால் பங்கான 53,000 ரூபாயை உங்கள் மகன் இனிப்பின் தலையில் ஏற்றியிருக்கிறார். அதிரசம் நின்றுவிட்டது என்பதற்காகக் கட்டடக்காரர் வாடகையில் கால் பங்கைக் குறைத்துக்கொள்வாரா? கணக்குப்பிள்ளை வாரத்தில் ஒன்றரை நாள் வராமல் இருந்து அதற்கான சம்பளத்தை விட்டுக்கொடுப்பாரா? இல்லை. வரிவரியாகப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. இனிப்புக்காக மட்டும் வேன் தனியாகப் போகும் மதுரை நடைகளுக்கான டீசல் மாதம் 2,000 ரூபாய் மிச்சமாகும். மின்சாரத்தில், இனிப்புப் பக்கத்து இயந்திரங்களுக்காக வாங்கிய பளுவைக் குறைத்துக்கொள்ள வாரியத்துக்கு விண்ணப்பித்தால், நிலைக் கட்டணத்தில் சுமார் 1,000 ரூபாய் குறையும். விண்ணப்பிக்காமல் இயந்திரத்தை மட்டும் நிறுத்தி வைத்தால் அதுவும் குறையாது; நிலைக் கட்டணம் அனுமதிக்கப்பட்ட பளுவின் மீது விதிக்கப்படுகிறது, ஓடிய மணிக்கணக்கின் மீது அன்று. ஆக 53,000 ரூபாயில் தவிர்க்கக்கூடியது 3,000.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல. ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் கொண்டுவிற்ற காலத்தில் கிட்டங்கி என்ற ஒரே பொதுக் கட்டடத்தில் பல விலாசங்கள், அதாவது தனித்தனி நிறுவனங்கள், ஆளுக்கொரு பெட்டியடி போட்டுத் தொழில் நடத்தின. ஒரு விலாசத்தார் கணக்கை முடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினால் கிட்டங்கியின் வாடகை குறைந்துவிடாது. எஞ்சியிருக்கும் பெட்டிகள்தாம் அதைத் தாங்க வேண்டும். உங்கள் பெரிய கட்டடமும் அப்படி ஒரு கிட்டங்கி. அதில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன.

இனிப்புப் பெட்டியைத் தூக்கிவிட்டால் அடுத்து என்ன ஆகும் என்பதையும் உங்கள் மகனின் முறையிலேயே போட்டுப் பார்த்தேன். இப்போது பொடிப் பிரிவின் கைமிச்சம் 1,20,000. அதற்கே உரிய செலவு 52,000, பொதுச் செலவின் பங்கு 53,000 போக 15,000 ரூபாய் லாபம் காட்டுகிறது. இனிப்பு போனதும் அதன் 53,000 ரூபாய்ச் சுமை காரத்துக்கும் பொடிக்கும் விற்பனை விகிதப்படி இரண்டுக்கு ஒன்றாகப் பிரியும். பொடியின் பங்கு ஏறக்குறைய 70,700 ஆகிவிடும். 15,000 ரூபாய் லாபம் காட்டிய பொடிப் பிரிவு, ஒரு கிலோ மல்லியின் விலைகூட மாறாமலேயே, சுமார் 2,700 ரூபாய் நட்டம் காட்டும். அப்போது பொடியையும் மூடலாம் என்று அதே தாள் சொல்லும். அதையும் மூடினால் முழுப் பொதுச் செலவும் முறுக்கின் மேல் விழும். 2,40,000 கைமிச்சம் தரும் முறுக்கு தன் சொந்தச் செலவான 80,000 போக அந்த 2,12,000 ரூபாயைத் தாங்க முடியாமல் திணறும். நல்ல தொழில்கள் பிரிவு பிரிவாக இப்படிக் கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் தாளில் இருந்த கூட்டல் சரியாகவே இருந்தது.

அடுத்து, இனிப்புக்கே உரிய செலவு 73,000 ரூபாய். இது இனிப்புக்காக மட்டுமே செய்யப்படுகிறது என்பதால் மூடினால் முழுவதும் மிச்சமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். என் அனுபவத்தில் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன, எனக்கே நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஆத்தங்குடிப் பக்கம் ஒரு பூக்கல் பட்டறைக்குக் கணக்குப் பார்த்தபோது, பூவேலை இல்லாத ஒற்றை நிறக் கற்களை நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கல்லுக்கென்று இருந்த தொழிலாளர் கூலியையும், கல்லை ஊறவைக்கும் தண்ணீர்த் தொட்டிகளின் பராமரிப்பையும் மிச்சம் என்று எழுதியிருந்தேன். கல் நின்றது, தொழிலாளர்கள் கண்ணாடிப் பலகைகளைத் துடைத்துக்கொண்டு பட்டறையிலேயே இருந்தார்கள், தொட்டிகளும் மற்ற கற்களுக்காக நிரம்பியே இருந்தன. ஒரு செலவு ஒரு பிரிவுக்கே உரியது என்பதும், அந்தப் பிரிவை நிறுத்தினால் அது நிற்கும் என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை அந்தப் பட்டறையின் அடுத்த ஆண்டுக் கணக்கு எனக்குக் காட்டியது.

உங்கள் 73,000 ரூபாய்க்கு வருவோம். பாகு மாஸ்டரின் சம்பளம் 24,000. அவரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதால் இது முழுவதும் தவிர்க்கக்கூடியது. இரண்டு பெண்களின் சம்பளம் 22,000. அவர்களை அனுப்ப மாட்டேன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன், ஆனால் கணக்கிலும் அதை மதிக்க வேண்டும். சம்பளம் இனிப்புத் தலைப்பிலிருந்து முறுக்குத் தலைப்புக்கு மாறுமே தவிர நிற்காது. இதில் ஒரு சிறு மிச்சம் உண்டு. முறுக்குப் பக்கம் இப்போது மாதம் 20 நாள், நாளுக்கு 450 ரூபாய் கூலியில் வெளியாள் ஒருவரை அழைப்பதாகத் தாளில் இருக்கிறது. அந்த வேலையை இவர்களில் ஒருவர் பார்த்தால் 9,000 ரூபாய் கூலி நிற்கும். ஆக 22,000 என்று எழுதியிருக்கும் இடத்தில் தவிர்க்கக்கூடியது 9,000. கொட்டகை வாடகை 12,000. ஒப்பந்தப்படி மூன்று மாத நோட்டீஸ் முடிந்த பிறகு இது முழுவதும் நிற்கும்.

பாகு கிண்டும் இயந்திரத்துக்கும் மாவு இயந்திரத்துக்கும் தேய்மானம் 9,000 என்று போட்டிருக்கிறது. 5,40,000 ரூபாய் கொடுத்து வாங்கியதை ஐந்து ஆண்டுக்குப் பகிர்ந்ததால் வந்த எண் அது. அந்தப் பணம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. இனிப்பைத் தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் திரும்ப வராது. ஆனால் தேய்மானத்தை அடித்துவிட்டு அப்படியே மேலே போய்விடுவதும் சரியன்று. இன்று விற்றால் இந்த இரண்டும் 1,20,000 ரூபாய்க்குப் போகும் என்றும், இன்னும் ஓராண்டு ஓட்டினால் 90,000 தான் கிடைக்கும் என்றும் உங்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஓராண்டு தொடர்வதற்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை அந்த 30,000 ரூபாய், அதாவது மாதம் 2,500. அதோடு, இன்று வரக்கூடிய 1,20,000 ரூபாயைக் கொண்டு கடனில் ஒரு பகுதியை அடைத்தால் பத்து சதவீத வட்டியில் மாதம் 1,000 ரூபாய் குறையும். இரண்டும் சேர்ந்து 3,500. புத்தகத்தில் உள்ள 9,000 ரூபாய்க்குப் பதிலாக இந்த 3,500 ரூபாயைத்தான் தவிர்க்கக்கூடியதாக எடுக்க வேண்டும். இனிப்புப் பிரிவுக்காக வாங்கிய கடனின் மாத வட்டியான 6,000 ரூபாயில் மேலே சொன்ன 1,000 போக மீதி, கடன் தீரும் வரை இருக்கும். வங்கிக்கு அதிரசம் ஓடுகிறதா என்பது ஒரு பொருட்டல்ல.

எல்லாவற்றையும் கூட்டினால், மாஸ்டர் 24,000, கூலி 9,000, கொட்டகை 12,000, இயந்திரம் 3,500, டீசலும் மின்சாரமும் 3,000 என 51,500 ரூபாய் வருகிறது. 1,26,000 ரூபாய் நிலைச் செலவில் தவிர்க்கக்கூடியது பாதிகூட இல்லை. இந்த 51,500 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக நீங்கள் விடப்போவது 96,000 ரூபாய்க் கைமிச்சம். வேறுபாடு மாதம் 44,500 ரூபாய், உங்களுக்கு எதிராக. இப்போதுள்ள 39,000 ரூபாய் லாபத்தை அது விழுங்கிவிடும்.

இனி, உங்களை உறுத்தியதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சீர் விஷயம். உங்கள் மகனின் தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. இருக்கவும் முடியாது, பிரிவு வாரிக் கணக்கு ஒவ்வொரு பிரிவையும் தனித்தீவாகப் பார்க்கிறது. சீர்ப் பலகாரம் கேட்டு வருபவர் எண்ணிக்கைப்படி முறுக்கும் சீடையும் அதிரசமும் மாவுருண்டையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் டின்னில் அடைத்து வாங்கத்தான் வருகிறார். அதிரசத்துக்கு வேறு ஊருக்குப் போங்கள் என்று சொன்னால் சிலர் முறுக்கையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். எத்தனை பேர் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பில் புத்தகத்திலேயே தொடக்கம் இருக்கிறது. கடந்த மூன்று மாத பில்களில் காரமும் இனிப்பும் சேர்ந்திருப்பவற்றைத் தனியே எடுத்தால், அவற்றில் உள்ள காரம் மட்டும் மாதம் சராசரியாக 1,20,000 ரூபாய். இவர்களில் மூன்றில் ஒருவர் போய்விடுவார் என்று வைத்தால் 40,000 ரூபாய் முறுக்கு விற்பனை போகும். நூற்றுக்கு நாற்பது ரூபாய் கைமிச்சம் தரும் சரக்கு அது, ஆக 16,000 ரூபாய் இழப்பு. மூன்றில் ஒருவர் என்பது என் மதிப்பீடு. உங்கள் வாடிக்கையாளர்களை அறிந்த நீங்கள் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். என் மதிப்பீட்டின்படி மூடுவதால் வரும் மாத இழப்பு 60,500 ரூபாய்.

இந்த முடிவு எவ்வளவு உறுதியானது என்பதையும் சொல்ல வேண்டும். கைமிச்சம் 96,000 என்ற எண்ணில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. எரிவாயுவை உங்கள் மகன் விற்பனை விகிதப்படி பிரித்து இனிப்புக்கு 21,000 என்று எழுதியிருக்கிறார். அதிரசம் இளந்தீயில் நின்று வேகும் பண்டம், பாகுக்கும் தனி அடுப்பு. உண்மையில் கூடுதலாகப் போகலாம். இதை அறிய ஒரு வாரம் போதும். இனிப்பு அடுப்புக்குத் தனி சிலிண்டர் வையுங்கள். காலையில் அடுப்பு மூட்டுமுன் அதை எடைத்தராசில் ஏற்றிக் குறித்துக்கொண்டு, மாலையில் மறுபடி ஏற்றுங்கள். குறைந்த எடைதான் எரிந்த வாயு. 19 கிலோ சிலிண்டரின் விலையை 19 ஆல் வகுத்தால் வரும் ஒரு கிலோ விலையால் அதைப் பெருக்கினால் நாள் செலவு வந்துவிடும். அப்படி அளந்து 21,000 என்பது 27,000 ஆனாலும் கைமிச்சம் 90,000 ஆகுமே தவிர முடிவு மாறாது. சீர் இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும்கூட, கைமிச்சத்தில் 44,500 ரூபாய்க்குப் பிழை இருந்தால்தான் மூடுவதும் தொடர்வதும் சமமாகும். அவ்வளவு பெரிய பிழையை உங்கள் தாள்களில் நான் காணவில்லை.

அப்படியானால் எப்போது மூடலாம் என்று உங்கள் மகன் கேட்பார், கேட்க வேண்டும். கைமிச்சம் 51,500 ரூபாய்க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் யோசிக்கத் தொடங்கலாம். விற்பனையில் நூற்றுக்கு 32 ரூபாய் கைமிச்சமாக நிற்கிறது என்ற இன்றைய நிலையில், மாத விற்பனை ஏறக்குறைய 1,61,000 ரூபாய்க்கு இறங்குவது என்று அதற்குப் பொருள். சீர் இழப்பையும் சேர்த்தால் எல்லை இன்னும் கீழே, 1,11,000 ரூபாய் அளவில் இருக்கும். ஆனால் மார்கழி மாதத்துத் தாளை வைத்து இதைப் பார்த்துவிடாதீர்கள். கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியும் எப்போதும் இறங்கியே இருக்கும், தீபாவளிக்கு ஏறும். பன்னிரண்டு மாதச் சராசரியைத்தான் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

மார்கழியில் மட்டும் நிறுத்தி வைக்கலாமே என்ற யோசனைக்கும் இதே கேள்விதான், விடை மட்டும் வேறு. ஒரு மாதம் அடுப்பை அணைத்தால் மாஸ்டருக்குச் சம்பளம் உண்டு, கொட்டகைக்கு வாடகை உண்டு, இயந்திரமும் விற்கப்படுவதில்லை, மின் பளுவும் குறைக்கப்படுவதில்லை. நிற்பது டீசலும் வெளியாள் கூலியும், 11,000 ரூபாய்தான். ஓராண்டுக்குப் பார்த்தால் தவிர்க்கக்கூடியதாக இருந்த 24,000 ரூபாய்ச் சம்பளம், ஒரு மாதத்துக்குப் பார்த்தால் தவிர்க்க இயலாததாகிவிடுகிறது. அதனால் மந்த மாதத்தில் கைமிச்சம் 20,000 ரூபாய்க்கு இறங்கினாலும் அடுப்பு எரிவதே மேல். செலவுப் பட்டியலில் தவிர்க்கக்கூடியது, இயலாதது என்று முத்திரை குத்தும்போது எவ்வளவு காலத்துக்கு என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தொடர்வதற்கு எதிராக ஒரே ஒரு வலுவான காரணம் இருக்க முடியும்: அந்த இடத்தையும் ஆட்களையும் கொண்டு இதைவிட நல்ல வேலை செய்ய முடிவது. இடமில்லாமல் முறுக்கு ஆர்டரை நீங்கள் திருப்பி அனுப்புவதாக இருந்தால் கணக்கு வேறாகும். ஆனால் 60,500 ரூபாய் இழப்பை ஈடுகட்ட, நூற்றுக்கு நாற்பது என்ற கணக்கில், மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் புதிய முறுக்கு விற்பனை வர வேண்டும். கொட்டகையை முறுக்குக்காக வைத்துக்கொண்டால் அதன் வாடகை 12,000 மிச்சமாகாது, ஆகவே தேவை இன்னும் 30,000 ரூபாய் கூடும். உங்கள் கடிதத்தில் ஆர்டரைத் திருப்பியதாக எதுவும் இல்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

மாஸ்டரை அனுப்புவதற்கான செலவும் தாளில் இல்லை. அவர் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். பணிக்கொடை, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற வீதத்தில், மாத ஊதியத்தை 26 ஆல் வகுத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1,24,600 ரூபாய் வரும். இதை மூடுவதன் செலவாக எழுதக் கூடாது என்பதைக் கவனியுங்கள். ஐந்து ஆண்டு கடந்த அன்றே இது உங்கள் கடனாகிவிட்டது, இன்று போனாலும் பின்னால் போனாலும் கொடுக்க வேண்டியது. மூடுவதால் புதிதாக வருவது ஆட்குறைப்பு இழப்பீடு. பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்றால் சுமார் 1,08,000 ரூபாய். அதோடு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம். கொட்டகையின் மூன்று மாத நோட்டீஸ் வாடகை 36,000 இருக்கிறது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், எந்த முடிவுக்கும் முன்னால் இந்த எண்களைத் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணில் அடங்காத ஒன்றும் இருக்கிறது. கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து இறக்குகிற கை உங்கள் மாஸ்டருடையது. ஒரு நிமிடம் பிந்தினால் அதிரசம் கல்லாகும், முந்தினால் எண்ணெயில் பிரிந்து போகும். ஓராண்டு கழித்து மறுபடி தொடங்கலாம் என்று நினைத்தால் இயந்திரத்தை வாங்கிவிடலாம். அந்தக் கையைத் தேடிப் பிடிப்பது கடினம். இதற்கு நான் ஒரு ரூபாயும் போடவில்லை, போடாமலேயே முடிவு தெளிவாக இருக்கிறது.

இனிப்பில் குறை எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கு 32 என்பது முறுக்கின் நாற்பதைவிடக் குறைவு. அதற்கு முதல் காரணமாகத் தாளில் தெரிவது மதுரைக் கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கு, மாதம் 18,000 ரூபாய். சீருக்குப் போகும் அதிரசம் திரும்புவதில்லை. கடைக்காரர்களுக்கு வாரம் ஒருமுறை மொத்தமாகக் கொடுப்பதை, இரண்டு தடவையாகப் பாதிப் பாதியாக, முறுக்கு எடுத்துப்போகும் வேனிலேயே அனுப்ப முடியுமா என்று பாருங்கள். திரும்பல் பாதியானால் 9,000 ரூபாய் நேராகக் கைமிச்சத்தில் சேரும், தனி நடை டீசல் 2,000 ரூபாயும் நிற்கும். ஒரு பிரிவையும் மூடாமல் கிடைக்கும் 11,000 ரூபாய் அது. திரும்பல் குறையாவிட்டால் நிறுத்த வேண்டியது அந்தக் கடைகளுக்கான சரக்கை மட்டுமே. அதற்கும் இதே முறையில் தனியாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கொட்டகை ஒப்பந்தம் வரும் ஆவணியில் முடிகிறது என்று தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாடகை உங்கள் கைக்குள் வருவது அப்போதுதான். எனவே நோட்டீஸ் கொடுப்பதற்கான கடைசி நாளுக்கு முன்னதாக, வைகாசி தொடக்கத்தில், அதுவரையான பன்னிரண்டு மாத பில்களோடும் சிலிண்டர் எடைக் குறிப்போடும் உங்கள் மகனை இந்தக் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள். அதுவரை மாஸ்டரிடம் இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்தால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். பிறகு நீங்கள் முடிவெடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது.